இடம் மாறிய ஒற்றைக்கொம்பு

தீபாவளி சீசன் நெருங்கினால் வெம்பக்கோட்டையில் என்னைப் போல டிசைன் வேலை செய்கிறவர்களுக்கு ஒரே மாதிரி ஆர்டர்தான் வரும். போன வருஷத்து லேபிளை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பி, “இதே மாதிரி வேணும், ரெண்டு வரி மட்டும் மாத்திக் குடுங்க” என்பார்கள். படத்தில் இருக்கும் எழுத்தைத் திருத்த முடியாது. அந்த வரியை அழித்துவிட்டுப் புதிதாக டைப் செய்ய வேண்டும். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கும்.

பட்டாசு ஆலை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், மருந்து அறை வாசலில் மாட்ட எச்சரிக்கை போர்டு கேட்டு வந்தார். அவர் கொண்டுவந்திருந்த புது போர்டில் ‘வெடி’ என்ற சொல்லே சிதைந்திருந்தது. ‘வ’ தனியாக நின்றது. அதன் ஒற்றைக்கொம்பு நகர்ந்து ‘டி’க்கு முன்னால் ஒட்டியிருந்தது. ‘கொண்டு’ என்பதில் கொம்பும் காலும் ‘க’வுக்குப் பின்னால் சேர்ந்து கிடந்தன. “எங்க ஆளுங்க எழுத்துக் கூட்டித்தான் படிப்பாங்க தம்பி. இதை என்னன்னு படிப்பாங்க? பழைய போர்டு ஒழுங்காத்தானே இருந்துச்சு?” என்றார்.

நியாயமான கேள்வி. பழைய போர்டு ‘பாமினி’ போன்ற ஒரு எழுத்துருவில் அடித்ததாக இருக்க வேண்டும். அதில் ‘வெடி’க்கு மூன்று விசைகள்: `ntb`. n என்பது ஒற்றைக்கொம்பு, t என்பது ‘வ’, b என்பது முழு ‘டி’. கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அடிக்கிறோம். கணினியைப் பொறுத்தவரை அது வெறும் ஆங்கில எழுத்து. உருவம் மட்டும்தான் தமிழ். அதனால் எந்த மென்பொருளிலும் உடையாது. ஆனால் அதையே காப்பி செய்து வாட்ஸ்அப்பில் போட்டால் `ntb` என்றுதான் போய்ச் சேரும்.

இப்போது நம் போனில் இருப்பது யூனிகோட். இதில் எழுத்துகள் உச்சரிக்கும் வரிசையில் சேமிக்கப்படுகின்றன. முதலில் மெய்க்குரிய எழுத்து, பிறகு உயிர்க்குறி. 1991-இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பு, இந்திய மொழிகளுக்கான ‘இஸ்கி’ முறையிலிருந்து இந்த ஏற்பாட்டை எடுத்துக்கொண்டது. தேடுவதற்கும் அகரவரிசைப்படுத்துவதற்கும் இது வசதி. ஆக, ‘வெடி’ உள்ளே இப்படித்தான் இருக்கிறது:

```
வ  U+0BB5
ெ  U+0BC6
ட  U+0B9F
ி  U+0BBF
```

கொம்பை எடுத்து ‘வ’வுக்கு முன்னால் வைப்பது, ‘ட’வையும் மேல்விலங்கையும் சேர்த்து ‘டி’ ஆக்குவது, புள்ளியைச் சரியாக எழுத்தின் தலைமேல் உட்கார வைப்பது எல்லாம் காட்டும் நேரத்தில் நடக்க வேண்டிய வேலை. எப்படிச் சேர்ப்பது என்ற குறிப்பு எழுத்துருவுக்குள்ளேயே இருக்கும். அதைப் படித்துச் செய்ய ஒரு தனி நிரல் வேண்டும். போனிலும் பிரவுசரிலும் அது எப்போதும் வேலை செய்கிறது. சில பட மென்பொருள்கள் அதைக் கூப்பிடுவதே இல்லை. வந்த வரிசையில் அப்படியே அடுக்கிவிடுகின்றன. அதனால் கொம்பு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுகிறது, புள்ளி அடுத்த எழுத்தின் மேல் ஏறிக்கொள்கிறது.

கோளாறு எங்கே என்பதைப் பார்த்தவுடனே சொல்லிவிடலாம். வெறும் கட்டங்களாக வந்தால் அந்த எழுத்துருவில் தமிழே இல்லை. கொம்போடு புள்ளி வட்டம் ஒன்று வந்தால், பெரும்பாலும் பழைய தட்டச்சுப் பழக்கத்தில் கொம்பை முதலில் அடித்திருக்கிறார்கள். எழுத்தெல்லாம் இருந்தும் கொம்பு தவறான பக்கம் நின்றால், மென்பொருள்தான் காரணம். அதே வரியை நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள், அங்கே சரியாகத் தெரியும். எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் இங்கேதான் அரை நாளைத் தொலைக்கிறார்கள்.

அண்ணாச்சி போர்டை அடித்தது பழைய ஃபோட்டோஷாப்பில். அதன் `Preferences > Type` பகுதியில் `Middle Eastern and South Asian` என்றோ, சில பதிப்புகளில் `World-Ready Layout` என்றோ ஒரு தேர்வு இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து, மென்பொருளை மூடித் திறந்து, புதிய கோப்பில் டைப் செய்தால் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். ஏற்கெனவே உடைந்த வரி தானாகச் சரியாகாமல் போகலாம். புதிதாக அடிப்பதே மேல். இந்த வசதியே இல்லாத பழைய பதிப்பு என்றால், இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பில் வரியை அடித்து, `Object to Path` கொடுத்து வரைகோடாக மாற்றிக் கொண்டுபோகலாம். பிறகு எங்கே திறந்தாலும் உடையாது, திருத்தவும் முடியாது. அதனால் மாற்றுவதற்கு முன் மூலக் கோப்பைத் தனியாகச் சேமிப்பேன்.

அண்ணாச்சிக்குப் புது போர்டைக் கொடுக்கும்போது அந்த மூலக் கோப்பையும் அனுப்பிவிட்டேன். அவர் அங்கேயே நின்று, ‘வெடி’, ‘கொண்டு’ இரண்டையும் விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்த பிறகுதான் பணத்தை எடுத்தார்.