காலையில் 108, மதியம் 274

மூச்சிரைப்பு அதிகமானதால் அப்பாவுக்குப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார்கள். தினமும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, எட்டு மணிக்கு 40 மில்லிகிராம். அவருக்கு ஏற்கெனவே சர்க்கரை உண்டு. வெறும் வயிற்றில் பார்த்தால் 108. "பாத்தியா, சுகர் ஏறவே இல்ல" என்பார். ஆனால் சாயங்காலமானால் தொண்டை வறண்டு, சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார்.

ஒருநாள் மதியம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தோம்: 274. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் 236. மறுநாள் காலை திரும்பவும் 110.

மெஷின் கெட்டுப்போகவில்லை. இந்த மாத்திரை கல்லீரலை அதிகச் சர்க்கரை வெளியிட வைக்கிறது; தசைகள் இன்சுலினுக்குச் சரியாக இணங்குவதில்லை. காலையில் ஒரே வேளையாகப் போடும்போது அதன் வேகம் மதியத்திலிருந்து ராத்திரி வரை உச்சத்தில் நின்று, தூங்கும் நேரத்தில் அடங்குகிறது. அதனால் காலை ரத்தம் பாதிக் கதையைத்தான் சொல்லும். ஒருமுறைதான் பார்க்க முடியும் என்றால், மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தோ, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலோ பார்க்கலாம். மாத்திரை இரண்டு வேளை என்றால் காலை அளவும் ஏறலாம்.

குறித்து வைத்த நோட்டைப் பார்த்த டாக்டர், ராத்திரி இன்சுலினைக் கூட்டவில்லை. கூட்டினால் விடியற்காலையில் சர்க்கரை தாழ்ந்துவிடும் என்றார். காலை மருந்தைத்தான் மாற்றினார். பிறகு ஸ்டீராய்டை 30, 20 என்று அவரே படிப்படியாகக் குறைத்தார். நாமாகச் சட்டென்று நிறுத்தக்கூடாத மாத்திரை அது. ஒவ்வொரு படியிலும் மதிய அளவு இறங்கியது. கூட்டிய சர்க்கரை மருந்தையும் அதோடு சேர்த்தே இறக்க வேண்டியிருந்தது.