மறையூரில் காணாமற்போகும் புள்ளி

மறையூர்ப் பகுதியின் முனியறைகளை நிலப்படத்தில் குறிப்போர் ஷேப்ஃபைல் வடிவத்தை நாடலாம். அதன் பண்புகள் சேமிக்கப்படும் .dbf அட்டவணையில் ஒவ்வொரு பத்திக்கும் அகலம் குறிக்க வேண்டும். ஊர்ப்பெயருக்கு 20 என்று இடுவது இயல்பு. நான்கெழுத்து மறையூருக்கு அது தாராளம் என்றே தோன்றும். ஆனால் அந்த 20 எழுத்துகளின் எண்ணிக்கை அன்று, பைட்டுகளின் எண்ணிக்கை.

```python
import regex
s = "மறையூர்"
len(regex.findall(r"\X", s))  # 4
len(s)                        # 7
len(s.encode("utf-8"))        # 21
```

நாம் காண்பவை ம, றை, யூ, ர் என்னும் நான்கு. ஒருங்குறி ஐகாரக் குறியையும் ஊகாரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணுவதால் குறியீடுகள் ஏழு. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள்; ஆகவே 21.

இருபதில் வெட்டினால் புள்ளியின் கடைசி பைட் போய்விடும். எஞ்சும் இரண்டும் � என்று தெரிந்தால் நன்மையே. பிழை கண்ணில் படும். அவற்றை மென்பொருள் துப்புரவாக நீக்கிவிட்டால் 18 பைட்டில் ‘மறையூர’ நிற்கும். கணினிக்கு அது பழுதற்ற சரம். தமிழுக்கோ அரை மாத்திரை ஒற்று ஒரு மாத்திரை உயிர்மெய்யாகிவிட்டது. வேறோர் அட்டவணையின் ‘மறையூர்’ உடன் இதனை இணைத்தால் பொருந்தாது. படத்தில் அவ்வூர் வெறுமையாகக் கிடக்கும்.

அருகிலுள்ள கோவில்கடவு இன்னும் நுட்பமான சிக்கல். க, ஓகாரக் குறி, வ, இகரக் குறி, ல, புள்ளி என ஆறு குறியீடுகளோடு வெட்டு விழும். கிடைப்பது ‘கோவில்’. எழுத்துப் பிழையே இல்லாத சொல் என்பதால் சொற்பிழை திருத்தியும் இதைக் கண்டுகொள்ளாது. ஓர் ஊர், வழிபாட்டிடமாகப் பதிவாகிவிடும்.

கண்டறிய ஒரு வழி உண்டு. பத்தியிலுள்ள பெயர்களைக் குறியீட்டு நீளப்படி அடுக்குங்கள். ஆறில் பெயர்கள் குவிந்து, ஏழிலும் அதற்கு மேலும் ஒன்றுகூட இல்லையெனில் அங்கே கத்தி விழுந்திருக்கிறது. ஆறு குறியீட்டுப் பெயர்கள் இயல்பாகவும் உண்டு. எனவே அவற்றை மூலக் குறிப்பேட்டோடு ஒப்பிட்டே முடிவுசெய்ய வேண்டும். புள்ளியை ஊகித்துச் சேர்ப்பது மறையூருக்கு உதவும், கோவில்கடவுக்கு உதவாது.

வெட்டியே ஆகவேண்டுமெனில், `\X` தரும் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, பைட் வரம்பைத் தாண்டும் எழுத்துக்கு முன் நிறுத்தலாம். அப்போது கிடைப்பது ‘மறையூ’. அதுவும் குறைப்பெயர்தான், ஆனால் குறை என்று பார்த்தவுடன் தெரியும். க்ஷ போன்றவற்றை `\X` இரண்டாகவே எண்ணும் என்பதையும் நினைவில் கொள்க. பெயரே தரவாக இருக்கும் ஆய்வில் வெட்டாதிருப்பதே முறை: அகலத்தை 254 வரை கூட்டலாம், அல்லது ஜியோபேக்கேஜ் வடிவத்துக்கு மாறலாம்.