43 என்றொரு மதிப்பெண்

உதவித்தொகை பெறும் மாணவர்கள் கொடையாளருக்கு எழுதும் நன்றிக் கடிதங்களைப் பார்த்து அனுப்புவது தமிழ்த்துறையின் வேலை என்று எங்கள் கல்லூரியில் எப்போதோ முடிவாகிவிட்டது. கடிதம் தமிழில் இருப்பதுதான் காரணம். ஆண்டுக்கு 30, 40 கடிதங்கள் வரும். ஆனால் பெரும்பாலும் ஒரே கடிதம்தான். கொடையாளர் முதலில் தெய்வமாவார், பிறகு தாயும் தந்தையுமாவார். பாரியும் கர்ணனும் தவறாமல் வருவார்கள். கடைசி வரியில் ‘நான் நன்றாகப் படித்து வருகிறேன்’ என்றிருக்கும். பரிசில் பெற்றவுடன் பாடிவிடும் மரபு நம் விரல்களில் ஊறிக் கிடக்கிறது போலும். பாணனிடம் யாரும் பருவத்தேர்வு முடிவைக் கேட்டதில்லை, மாணவனிடம் கேட்கிறார்கள்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1913இல் இராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை அளித்தது. மூன்று மாதத்துக்கொருமுறை முன்னேற்ற அறிக்கை தரவேண்டும் என்பது நிபந்தனை. 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பலேறுமுன் அவர் மூன்று அறிக்கைகள் அளித்தார். அவற்றில் இருப்பது கணிதம். பெற்ற பணம் என்னவாயிற்று என்பதற்கு அதைவிட நேரான விடை இல்லை. ஆனால் தேற்றத்துக்குப் பதிலாகத் தோல்வியைத் தெரிவிக்க வேண்டியவர் என்ன எழுதுவார்?

சில ஆண்டுகளுக்கு முன் இரண்டாமாண்டு வணிகவியல் மாணவி ஒருத்தியின் கடிதம் என்னிடம் வந்தது. அவளுக்கு உதவியவர் ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்த நேர்ந்த தம் மனைவியின் நினைவாக 2 லட்சம் ரூபாயை வைப்புநிதியாக அளித்திருந்தார். ஆண்டு வட்டி 13,000 ரூபாய் ஒரு மாணவிக்குச் சேரும். இவள் கடிதத்தில் புகழுரை குறைவு. மூன்றாம் பருவ மதிப்பெண்கள் வரிசையாக இருந்தன. தமிழ் 82, கணக்கியல் 71, வணிகப் புள்ளியியல் 43. எல்லாம் உண்மை. ஆனால் 43 என்ற அந்த எண் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

எங்கள் முறையில் அகமதிப்பீட்டுக்கு 25, பருவத்தேர்வுக்கு 75. மொத்தம் 40 பெற்றால் போதாது. பருவத்தேர்வில் மட்டும் 75க்கு 30 பெறவேண்டும். அவள் பெற்றது அகமதிப்பீட்டில் 19, தேர்வில் 24. மொத்தம் 43, முடிவு தோல்வி. 35 எடுத்தால் தேர்ச்சி என்ற காலத்தில் படித்த பெரியவர் 43ஐத் தேர்ச்சி என்றே கொள்வார். மதிப்பெண் பட்டியலில் முடிவுக் கட்டத்தைப் பார்த்தால்தான் தெரியும். அவள் அந்தக் கட்டத்தை மட்டும் எழுதாமல் விட்டிருந்தாள்.

கேட்டபோது, “அரியர்னு எழுதினா பணத்த நிறுத்திடுவாங்க சார்” என்றாள். அறக்கட்டளை ஆவணத்தை எடுத்துக் காட்டினேன். வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் குறைந்தால் நிறுத்தலாம் என்றிருந்தது. அரியர் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதன் பிறகுதான் காரணம் வெளிவந்தது. தீபாவளியை ஒட்டிய ஐந்து வாரம் துணிக்கடையில் மாலைவேலை. வீடு சேர இரவு பத்தரை. அதற்குப் பின் தேர்வு.

இதையும் எழுதவா என்று தயங்கினாள். இரக்கம் கேட்பதுபோல் ஆகிவிடுமே என்றாள். அந்தத் தயக்கம் எனக்குப் பிடித்திருந்தது. காரணத்தை ஒரே வாக்கியத்தில், பெயரடை எதுவும் இல்லாமல் எழுதச் சொன்னேன். திருத்திய கடிதத்தின் நடுப்பகுதி இது:

“வணிகப் புள்ளியியலில் மொத்தம் 43 பெற்றேன். தேர்வில் 30க்குப் பதில் 24 பெற்றதால் இது தோல்வி. அந்த மாதம் மாலையில் துணிக்கடையில் வேலை செய்தேன். ஏப்ரலில் மறுபடி எழுதுகிறேன். ஐயா தந்த 13,000 ரூபாயில் கல்லூரிக் கட்டணம் 9,200, தேர்வுக் கட்டணம் 1,300, புத்தகங்கள் 2,500.”

தெய்வம் என்ற சொல் எங்கும் இல்லை. ‘நன்றி’ ஒருமுறை வந்தது, கடைசியில்.

இரண்டு வாரத்தில் அஞ்சலட்டை வந்தது. ஆறுதல் எதுவும் இல்லை. எந்தக் கணக்கு வரவில்லை என்று மட்டும் கேட்டிருந்தார். ஒட்டுறவுக் கெழு என்று இவள் எழுதினாள். அது எதற்குப் பயன்படும் என்று அடுத்த அட்டை. துணிக்கடையில் தள்ளுபடி கூடினால் விற்பனை எவ்வளவு கூடுகிறது என்பதைக் கொண்டு இரண்டு பக்கத்தில் விளக்கினாள். விளக்குவதற்காக முதலில் தான் படிக்கவேண்டியிருந்தது என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

அந்த அட்டைகள் புகழுரைக்கு வந்திருக்கமாட்டா. தெய்வத்துக்கு எழுதினால் தெய்வம் திருப்பிக் கேள்வி கேட்பதில்லை. 24 என்ற எண்ணை மறைக்காமல் எழுதியதால் மறுமுனையில் ஒரு மனிதர் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. அவருக்கும் தம் மனைவியின் பெயரில் படிப்பது யாரென்று தெரிந்தது.

ஏப்ரல் தேர்வில் அவள் பெற்றது 38. அடுத்த கடிதத்தில் அகமதிப்பீடு, தேர்வு, முடிவு என்று மூன்று கட்டங்களையும் அவளே கோடு போட்டு வரைந்திருந்தாள்.