தூக்கக் கலக்கம் இல்லை அது

கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலிக்காது. கடித்த இடம் வீங்குவதில்லை, ரத்தம் வருவதில்லை, பல் பதிந்த தடத்தைத் தேடினால்கூடப் பலநேரம் கிடைப்பதில்லை. தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவனைக் கடித்துவிட்டுப் போய்விடுகிறது. அவன் ஒரு மணி நேரமோ மூன்று மணி நேரமோ கழித்து வயிறு வலிக்கிறதென்று எழுந்து உட்காருகிறான். ராத்திரி தின்ற புரோட்டாதான் காரணம் என்று வீட்டில் சொல்கிறார்கள். மருத்துவமனைக்கு வரும்போதும் அதே காரணத்தோடுதான் வருகிறார்கள்.

நாமக்கல்லைச் சுற்றிக் கோழிப்பண்ணைகள். தீவனம் இருக்கும் இடத்தில் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்தில் பாம்பும் இருக்கும். பண்ணையில் வேலை பார்ப்பவர்கள் ஷெட்டுக்குப் பக்கத்து ஓட்டுச் சாய்ப்பில் தரையில்தான் படுக்கிறார்கள். அந்தப் பக்கத்துச் சிறிய மருத்துவமனை ஒன்றில் இரவு இன்சார்ஜாகப் பல வருடம் இருந்தவள் நான். இங்கே சொல்லப்போவது ஒரு ஆவணி மாதத்து ராத்திரியைப் பற்றி.

இரண்டு மணி வாக்கில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனை டி.வி.எஸ்.ஸில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டிவந்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தே நடந்தான், இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தான். ரத்த அழுத்தம் 124/80, நாடி 96, ஆக்சிஜன் 98. டூட்டி டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். மெதுவாகத்தான் இருந்தது. வாயுவுக்கும் வலிக்கும் ஊசி எழுதி, ஒரு சலைன் போடச் சொல்லிவிட்டுக் குவார்ட்டர்ஸுக்குப் போனார். அந்த நேரத்தில், அந்த எண்களை வைத்து, யாரும் அதைத்தான் எழுதியிருப்பார்கள்.

என்னோடு இருந்த பெண் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ஊசி போட்டுவிட்டு வந்து மேஜை ஓரமாக நின்றாள்.

"அக்கா, அந்தப் பையன் சரியில்லீங்க்கா."

"என்ன சரியில்ல?"

"தெரியலீங்க்கா. வலி கொறஞ்சிருச்சுன்னுதான் சொல்றான். ஆனா என்னமோ மாதிரி பாக்குறான்."

இந்த 'என்னமோ மாதிரி'யைத்தான் நர்ஸ் வேலையில் எல்லோரும் சுலபமாகத் தள்ளிவிடுகிறோம். கேஸ் ஷீட்டில் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை. நர்சுகளின் உள்ளுணர்வைப் பற்றி எழுதிய பாட்ரிஷியா பென்னர், 1984இல் வந்த தன் புத்தகத்தில், அது பல வருட அனுபவத்தில் விளைகிறது என்கிறார். என் அனுபவத்திலும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் புதிதாக வந்தவர்களுக்கு வேறொரு வசதி உண்டு. நாங்கள் 'வயிற்றுவலி கேஸ்' என்று பெயர் வைத்துவிட்டு அந்தப் பெயரைப் பார்ப்போம். அவர்கள் இன்னும் ஆளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஜூனியர் சொன்னதை நம்புவது என்றால் உடனே விஷமுறிவு மருந்தை எடுப்பதல்ல. குதிரை ரத்தத்திலிருந்து வரும் மருந்து அது. சிலருக்கு உடம்பு தடித்து, மூச்சடைத்து, அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். அலமாரியில் இருக்கும் குப்பிகளும் கொஞ்சம்தான். அவள் சொன்னதை நம்பி நான் கொடுக்க வேண்டியது இரண்டு நிமிடம். அதற்குள் 'என்னமோ மாதிரி'யைக் கேட்டுப் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய ஒன்றாக மாற்ற வேண்டும்.

"எப்படிப் பாக்குறான்? செஞ்சு காட்டு" என்றேன்.

அவள் தலையைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்து, நெற்றியைச் சுருக்கி, கண்ணாடி வழுக்கி விழுந்தவர் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். எனக்கு வயிற்றில் ஏதோ இறங்கியது. இமை தூக்க முடியாதவன்தான் அப்படிப் பார்ப்பான். தூக்கம் வந்தால் நெற்றியும் சேர்ந்து தளரும். இமைத் தசை மட்டும் செயலிழந்தால் நெற்றி அதைத் தூக்கப் பார்க்கும்.

கட்டிலுக்குப் போனோம். "தம்பி, தலைய ஆட்டாம என் வெரலயே பாரு" என்று விரலை உயரத்தில் பிடித்தேன். முதலில் பார்த்தான். அரை நிமிடத்தில் இரண்டு இமையும் மெல்லக் கீழே வந்துவிட்டன. தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொன்னேன். பாதி தூக்கினான். மூச்சை இழுத்து ஒரே மூச்சில் எண்ணச் சொன்னேன். நல்ல திடமான ஆள் முப்பதைத் தாண்டுவான். இவன் பதினேழில் நின்றான்.

"ராத்திரி எங்கடா படுத்திருந்த?" இதைக் கேட்டவள் அவள்தான்.

"ஷெட்டு சாய்ப்புலதாங்க. கீழ."

பாம்பைப் பார்க்கவில்லை, எதுவும் கடிக்கவில்லை என்றான். விரல் இடுக்கு, காது மடல் எல்லாம் தேடினோம். ஒரு தடமும் இல்லை. டாக்டருக்குப் போன் போட்டேன். "சார், ரெண்டு இமையும் எறங்குது, கழுத்து நிக்கல, ஒரு மூச்சுக்குப் பதினேழு எண்றான், தரையில படுத்திருக்கான்." 'சிஸ்டருக்குச் சந்தேகமா இருக்கு' என்று சொல்லியிருந்தால் அவர் வேறு மாதிரி கேட்டிருப்பார். இதைக் கேட்டதும் செருப்பு மாட்டாமல் ஓடிவந்தார். அதற்குள் எண்ணிக்கை பதினொன்று ஆகியிருந்தது. ஆக்சிஜன் அப்போதும் 97. மூச்சுத் தசை களைத்துக்கொண்டே போனாலும் அந்த எண் கடைசிவரை நல்லபடியாகவே காட்டும். அது விழும்போது நேரம் முடிந்திருக்கும்.

அட்ரினலினை ஊசியில் எடுத்து வைத்துக்கொண்டோம். பத்துக் குப்பி மருந்தையும் நுரை வராமல் உருட்டிக் கரைத்தாள் அவள். குலுக்கினால் நுரைத்து வீணாகும். அவற்றைச் சலைனில் கலந்து ஒரு மணி நேரத்தில் ஏற்றினோம். டாக்டர் அட்ரோபினும் நியோஸ்டிக்மினும் கொடுத்துப் பார்த்தார். நாகம் கடித்தவனுக்கு அது நன்றாக வேலை செய்யும். கட்டுவிரியன் விஷம் நரம்பு நுனியையே அழிப்பதால் இவனிடம் பெரிதாக மாறுதல் இல்லை. விஷமுறிவு மருந்தும் ரத்தத்தில் சுற்றும் விஷத்தைத்தான் பிடிக்கும். நுனிக்குள் போய்விட்டதை மீட்காது. அந்த நுனிகள் திரும்ப வளர நாள் கணக்காகும், அதுவரை யாராவது அவனுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

நாலு மணிக்குள் டாக்டர் குழாய் போட்டார். எங்களிடம் வென்டிலேட்டர் இல்லை. 108இல் சேலம் போக வேண்டும், வழியெல்லாம் ஆம்பு பையை அழுத்திக்கொண்டே. நான் போகலாம், அல்லது அவள் போகலாம். பதினெட்டுப் படுக்கை நிறைந்திருந்த வார்டை நாலு மாதப் பெண்ணிடம் விடுவதா, இந்த ஒரு உயிரை அவளிடம் விடுவதா என்று யோசித்தேன். அவளையே அனுப்பினேன்.

"இப்ப கண்ணு தெறக்க மாட்டான், விரல்கூட அசையாது, பாப்பாகூட விரிஞ்சுபோயிருக்கும். செத்துட்டான்னு யாராச்சும் சொன்னா நம்பாத. காது கேக்கும், எல்லாம் தெரியும். பேசிட்டே போ" என்றேன்.

பேசிக்கொண்டேதான் போயிருக்கிறாள். ராசிபுரம் தாண்டியாச்சு, மல்லூர் வந்தாச்சு என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு. ஆறாவது நாள் குழாயை எடுத்தார்கள். பிறகு அவன் அம்மாவோடு எங்கள் மருத்துவமனைக்கு வந்தபோது, "மல்லூர்னு ஒரு பொண்ணு சொல்லுச்சுங்க, அவங்க யாரு?" என்று கேட்டான்.

அவளுக்கு எப்படித் தோன்றியது என்று ஒருநாள் கேட்டேன். அவள் அப்பா அம்மாவும் பண்ணை வேலைதான். "தூக்கம் வந்தா அவங்க எப்படி இருப்பாங்கன்னு தெரியுங்க்கா. இவன் அப்படி இல்ல" என்றாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு எங்கள் வார்டில் விடியலுக்கு முன்னால் வயிற்றுவலி என்று யார் வந்தாலும், என்ன சாப்பிட்டாய் என்று கேட்பதற்கு முன்னால் எங்கே படுத்திருந்தாய் என்று கேட்கிறோம்.