படியெடுப்பவரின் அமானிதம்

எங்கள் மஹல்லா மாணவர் விடுதிக்குப் பாத்திரங்கள் வாங்கியதற்கான பில், கைப்பேசிப் படமாகவே எங்களிடம் வந்தது. மொத்தம் 18,099 ரூபாய், பொருளாளர் செலுத்திவிட்டிருந்தார். கணக்கைச் சரிபார்ப்பதற்காக எங்களுள் ஒருவர் படத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்தார். அந்தப் பிரதியைக் கூட்டினால் 17,787 ரூபாயே வந்தது. மீதி 312 ரூபாய் எங்கே? கேள்வி மெல்லப் பொருளாளரை நோக்கித் திரும்பிற்று.

அவரிடம் கேட்பதற்கு முன், படத்தில் உள்ளதை உள்ளவாறே மீண்டும் எழுதினோம்:

தட்டு: 60 × 8?5 = 5,100; மத்திய வரி 2.5%, மாநில வரி 2.5%
டம்ளர்: 60 × 40 = 2,400; மத்திய வரி 9%, மாநில வரி 9%
மிக்சி: 2 × 4,200 = 8,400; மத்திய வரி 9%, மாநில வரி 9%

தட்டின் விலை மங்கலாக இருந்தது. 65 என்றும் 85 என்றும் படிக்கலாம். 65 எனில் 3,900 தான் வரும். ஆகவே 85 என்று கொண்டோம். ஆனால் பெருக்குத்தொகையிலிருந்து ஊகித்த இலக்கத்தைக் கொண்டு அதே பெருக்கலைச் சரிபார்த்ததாகச் சொல்ல இயலாது. அதனால்தான் ஐயக்குறி இட்டோம். பிறகு மூலத்தாளைப் பார்த்தே அதனை நீக்கினோம்.

312 ரூபாயின் விடை டம்ளர் வரிசையில் இருந்தது. படத்தில் 9 என்றிருந்ததை, முதலில் படியெடுத்தவர் 2.5 என்று மாற்றியிருந்தார். தட்டுக்கும் டம்ளருக்கும் ஒரே வரிதானே என்று நல்லெண்ணத்தோடு செய்த திருத்தம் அது. அவர் நினைத்ததும் சரியே. இரண்டுக்கும் பில்லில் 7323 என்ற ஒரே எச்.எஸ்.என். குறியீடுதான் இருந்தது. எஃகுப் பாத்திரங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் மொத்த வரி 5 சதவீதம். கடைக்காரரோ டம்ளருக்கு மிக்சியின் 18 சதவீதத்தைப் போட்டிருந்தார். 2,400 ரூபாய்க்கு 120 வரவேண்டிய வரி, 432 ஆயிற்று.

பில்லின் அடித்தொகை இப்பிழையைக் காட்டவில்லை. 15,900 ரூபாயோடு வரி 2,199 சேர்ந்தால் 18,099, கூட்டல் பிழையற்றது. விகிதம்தான் தவறு. வரிசை வரிசையாக எழுதி, ஒரே குறியீட்டுக்கு இரு விகிதங்கள் இருப்பதைக் கண்டபோதுதான் அது வெளிப்பட்டது.

முதற்பிரதியில் கடையின் பிழை திருத்தத்துக்குள் மறைந்துபோக, பொருளாளர் மீது ஐயம் மட்டும் எஞ்சியிருந்தது. எழுதுபவர் நீதியுடன் எழுதட்டும் என்று 2:282 வசனம் பணிப்பதன் பொருளை அன்று உணர்ந்தோம். கடைக்காரர் பிழையை ஒப்புக்கொண்டு, 312 ரூபாய்க்குக் கிரெடிட் நோட் தந்தார்.

இப்போது எங்கள் ஏட்டில் இரு பத்திகள் உள்ளன. ஒன்றில் பில் சொல்வது. மற்றதில் நாங்கள் கணக்கிட்டது. முதற்பத்தியில் எவரும் எதையும் திருத்துவதில்லை.