பிரியம் இருந்தும் தள்ளி நிற்கும் சொல்

நம் வீடுகளில் 'ஃப்ரெண்டு' என்ற ஒரு சொல்லே எல்லோருக்கும் போதும். தினம் பஸ்ஸில் பார்த்துப் பேசுகிறவளும் ஃப்ரெண்டு. பிரசவத்துக்குக் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவளும் ஃப்ரெண்டு. ரஷ்யர்கள் அப்படி விட்டுவிடுவதில்லை. நெருக்கத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல் போடுகிறார்கள். அங்கே டாக்டருக்குப் படிக்கும் என் அக்கா மகள் சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும்.

முதல் படி, 'ஸ்னகோமி'. தெரிந்தவர், அவ்வளவுதான். எதிரே வந்தால் நின்று நலம் விசாரிக்கலாம். அடுத்தது 'ப்ரியாத்தெல்'. சேர்ந்து சினிமாவுக்குப் போகலாம், சிரித்துப் பேசலாம். வீட்டுக் கஷ்டத்தை மட்டும் அவரிடம் கொட்டமாட்டார்கள். கடைசிப் படிதான் 'த்ரூக்'. நடுராத்திரியில் கதவைத் தட்டினாலும், "என்ன ஆச்சு?" என்று பதறி உள்ளே அழைக்கிறவர். ஒருவருக்கு இப்படிச் சிலர் அமைந்தாலே பெரிய விஷயம்.

இதில் வேடிக்கையைக் கேளுங்கள். 'ப்ரியாத்தெல்' என்ற சொல்லும் நாம் சொல்லும் 'பிரியம்' என்ற சொல்லும் ஆதியில் ஒரே வேரில் பிறந்தவை. ஆனால் பிரியத்தைப் பெயரிலேயே வைத்திருப்பவர் ஒரு படி கீழே நிற்கிறார்!

அக்கா மகளோடு அறையில் தங்கியிருப்பவள் ஒரு ரஷ்யப் பெண். அவளும் இன்னொரு மாணவனும் இரண்டு வருஷமாக ஒரே பெஞ்சு. நோட்டுகளை மாற்றிக்கொள்வார்கள், சேர்ந்தே சாப்பிடுவார்கள். "அவன் உன் த்ரூக்கா?" என்று இவள் கேட்டாளாம். "இல்லை, ப்ரியாத்தெல்" என்று சாதாரணமாகப் பதில் வந்தது. "ரெண்டு பேருக்கும் ஏதோ சண்டைன்னு நினைச்சேன் சித்தி. அப்படியெல்லாம் ஒண்ணுமில்லை. உள்ளதைத்தான் சொன்னாள்" என்றாள்.

பெண்களுக்குள் தோழியைக் குறிக்க 'பத்ரூகா' என்று தனியாக ஒரு சொல் உண்டு. பள்ளித் தோழி, பக்கத்து வீட்டுத் தோழி எல்லாரும் அதில் அடங்குவார்கள். ஆனால் ஒருத்தி இன்னொருத்தியை, 'இவள் எனக்கு த்ரூக்' என்று ஆண்பால் சொல்லாலேயே சொன்னால், தோழிக்கும் மேலே வைத்துவிட்டாள் என்று அர்த்தம். அதே சமயம், வயசுப் பெண் ஓர் ஆணை 'என் த்ரூக்' என்றால், கேட்பவர் காதலன் என்றே எடுத்துக்கொள்ளக்கூடும். அந்த ரஷ்யப் பெண் 'ப்ரியாத்தெல்' என்றதில் இந்த ஜாக்கிரதையும் இருந்திருக்கலாம்.

சொல் மாறினால் இரண்டு பக்கமும் சங்கடம்தான். பழகி ஒரு மாதமே ஆனவரை த்ரூக் என்றால், 'எதற்கு இவ்வளவு உரிமை?' என்று அவர் கூச்சப்படுவார். பல வருஷம் சுகதுக்கத்தில் கூட நின்றவரை, அவர் காதுபட ப்ரியாத்தெல் என்றாலோ, அவர் மனம் நொந்துவிடும். அதனால் புதிதாகப் போகிற பிள்ளைகள், அவர்கள் நம்மை எந்தச் சொல்லால் அறிமுகப்படுத்துகிறார்கள் என்று முதலில் கவனித்துவிட்டு, அதே சொல்லைத் திருப்பிச் சொல்வதுதான் நல்லது.