சான்று என்ற கட்டம்

போன ஏப்ரலில் என் தம்பியின் பேத்தி ஓசூரிலிருந்து ஒரு எக்செல் தாளை அனுப்பினாள். மெக்கானிக்கல் முடித்துவிட்டு, ஷாஃப்ட் கடையும் தொழிற்சாலை ஒன்றின் தரப் பிரிவில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. "எச்.ஆர்.ல பன்னெண்டு மாசத்துக்கு வளர்ச்சித் திட்டம் கேக்கறாங்க தாத்தா. பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

தாளில் பதினோரு திறன்கள். தகவல் தொடர்பு, தலைமைப் பண்பு, சிக்ஸ் சிக்மா, பைத்தான் என்று ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'சான்று' என்று ஒரு கட்டம். பதினோரு கட்டத்திலும் ஒரே பதில்: பயிற்சி முடித்த சான்றிதழ்.

அதைப் பார்த்ததும் என் பழைய ஃபைல்தான் ஞாபகம் வந்தது. வேலையில் சேர்ந்த நான்காம் வருடம் பதவி உயர்வுக்கான நேர்காணலில் அந்த ஃபைலைப் பெருமையாக நீட்டினேன். மேலாளர் ஏழெட்டுச் சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு, "உன்னால இந்த வருசம் எந்த ரிஜெக்‌ஷன் குறைஞ்சுது?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. உயர்வும் வரவில்லை.

"கண்ணு, பதினொண்ணு வேண்டாம், மூணு போதும்" என்றேன். நம்பும்படி அளப்பது, குறையின் காரணத்தைக் கண்டுபிடிப்பது, கண்டதைப் பத்துப் பேர் முன் சொல்வது. தரப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவருக்கு இந்த வரிசை முக்கியம். அளவே சந்தேகம் என்றால் அதை வைத்துக் காரணம் தேட முடியாது. நிலையைக் குறிக்கப் புதிதாக எதுவும் தேவைப்படவில்லை. தொழிற்சாலைச் சுவரில் தொங்கும் திறன் அட்டவணையில் நாலு பங்காகப் பிரித்த வட்டம் இருக்குமே, அதையே எடுத்துக்கொண்டோம். கால் வட்டம் கறுப்பு என்றால் தெரிந்துகொண்டிருக்கிறார். அரை என்றால் துணையோடு செய்வார். முக்கால் என்றால் தனியாகச் செய்வார். முழுதும் கறுத்தால் பிறருக்குச் சொல்லிக்கொடுப்பார். ஒரே ஒரு விதி: சான்று இல்லாமல் வட்டம் கறுக்கக் கூடாது.

மென்ட்டராக டூல் ரூமிலிருந்த ஒரு மூத்தவரைக் கேட்கச் சொன்னேன். அவளுடைய சூப்பர்வைசரைக் கேட்க வேண்டாம் என்றேன். இன்கிரிமென்ட் போடுகிறவரிடம் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. மாதம் ஒருமுறை அரைமணி நேரம். என்ன செய்தாய், காட்டு. எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறாய். அடுத்த மாதம் என்ன? இவ்வளவுதான் பேச்சு. முடிவில் அவர் தன் கையால் இரண்டு வரி எழுத வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டத்தைப் பார்த்து மாற்றலாம்.

முதல் மூன்று மாதம் அளவு. அவள் பார்த்த ஷாஃப்டின் விட்டம் 25 மில்லிமீட்டர். மேலே பூஜ்யம், கீழே 21 மைக்ரான் டாலரன்ஸ். நூற்றில் ஒரு பங்கு காட்டும் சாதாரண மைக்ரோமீட்டரில் ஒரு கோடே 10 மைக்ரான். டாலரன்ஸ் முழுவதும் ஏறக்குறைய இரண்டு கோட்டுக்குள் அடங்கிவிடும். ஆகவே ஆயிரத்தில் ஒரு பங்கு காட்டும் மைக்ரோமீட்டர் வேண்டும். அது லைனில் இருந்தது. அதை வைத்து 'கேஜ் ஆர் அண்ட் ஆர்' சோதனை செய்தாள். பத்து பீஸ், மூன்று பேர், ஒவ்வொருவரும் மூன்று முறை, மொத்தம் 90 அளவு. எந்த பீஸ் என்று அளப்பவருக்குத் தெரியாதபடி கலைத்துக் கலைத்துக் கொடுக்க வேண்டும். அளப்பதனால் வரும் சிதறல் டாலரன்ஸில் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 30-ஐத் தாண்டினால் அந்த அளவை நம்ப முடியாது. நடுவில் இருந்தால் வேலையைப் பொறுத்து ஏற்கலாம்.

அவளுக்கு வந்தது 38. ஒருவர் ராட்செட்டைத் தொடாமல் கையாலேயே இறுக்கியிருக்கிறார். இன்னொருவர் முறைக்கு ஓர் இடத்தில் அளந்திருக்கிறார். அளக்கும் இடத்தைப் படத்தில் குறித்து, ராட்செட் மூன்று முறை 'கிளிக்' ஆக வேண்டும் என்று எழுதி ஒட்டி, மறுபடி செய்தபோது 17. இரண்டு தாளும் சேர்ந்ததுதான் சான்று. 17-ஐ மட்டும் காட்டியிருந்தால் அவள் என்ன கற்றாள் என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

முக்கால் வட்டம் கேட்டுப் போனவளை மென்ட்டர் விடவில்லை. "இது ஆறின பீஸ்மா. லைன்ல சூடா எடுத்து அளக்கறாங்களே?" என்றாராம். 25 மில்லிமீட்டர் எஃகு 15 டிகிரி கூடுதல் சூட்டில் 4 மைக்ரான் அளவுக்குப் பருக்கும். 21-ல் அது ஐந்தில் ஒரு பங்கு. ஆறவைத்து அளக்கும் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் வட்டம் கறுத்தது. இந்த ஒரு கேள்விக்காகவே மென்ட்டர் வேண்டும் என்பேன். எச்.ஆர். தாள் இதைக் கேட்டிருக்காது.

அடுத்த ஐந்து மாதம் காரணம் தேடுவது. ஒரு சி.என்.சி. லேத்தில் விட்டம் கூடிப்போய் ரீவொர்க் வந்துகொண்டே இருந்தது. அவள் எழுதிய முதல் காரணம், 'ஆபரேட்டரின் கவனக்குறைவு'. இது எல்லாத் தொழிற்சாலையிலும் கிடைக்கும் காரணம், விலை மலிவு. மென்ட்டர் திருப்பிக் கொடுத்தார்: "ஆள மாத்திப் பாத்தியா?" மாற்றிப் பார்த்தாள், ரீவொர்க் நிற்கவில்லை. பிறகு ஒரு மாதப் பதிவுகளை மணிவாரியாகப் பிரித்தாள். பெரும்பாலும் திங்கள் காலை முதல் முக்கால் மணி நேரத்துப் பீஸ்கள். ஞாயிறு முழுக்க நின்ற இயந்திரம் குளிர்ந்திருக்கிறது. ஆஃப்செட் சனிக்கிழமை சூட்டில் வைத்தது. ஸ்பிண்டில் சூடேறச் சூடேற அளவு தன் இடத்துக்கு வருகிறது.

வெட்டாமல் 20 நிமிடம் ஓடவிடும் வார்ம்-அப் புரோகிராமைப் போட்டார்கள். மாதம் அறுபதைத் தொட்ட ரீவொர்க் பத்துக்குள் வந்தது. அத்தோடு நிறுத்தியிருந்தால் தற்செயல் என்று யாரும் சொல்லலாம். அதனால் ஒரு திங்கட்கிழமை, அனுமதி வாங்கி, வார்ம்-அப் இல்லாமல் பத்தே பீஸ் ஓட்டினார்கள். குறை திரும்ப வந்தது. குறையை வரவழைக்கவும் நிறுத்தவும் முடிகிறது என்றால்தான் அது காரணம்.

இதற்கு நடுவில் ஒரு சறுக்கல். ஏழாம் மாதம் மென்ட்டரை வேறு யூனிட்டுக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு சந்திப்புகள் நடக்கவில்லை. ஆனால் தாளில் நடந்ததாகப் பச்சை நிறம் இருந்தது. தாளை எனக்கு அனுப்பியபோது கேட்டேன்: "ரெண்டு மாசத்துக் குறிப்பும் ஒரே தேதியில ஏறியிருக்கு, மென்ட்டர் எழுதின வரி எங்க?" மௌனமாக இருந்தாள். பொய்யான பச்சை இப்படித்தான் பிடிபடும். தேதிகள் ஒட்டிக்கொண்டிருக்கும், இன்னொருவர் கைப்பட ஒரு சொல்லும் இருக்காது. இரண்டையும் வெள்ளையாக்கச் சொன்னேன். பழைய மென்ட்டரே தொலைபேசியில் தொடர ஒப்புக்கொண்டார்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சான்று சேர்க்கிறேன் என்று கம்பெனி வரைபடத்தைப் படமெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். மூலத் தாள் அலுவலகத்தில் இருக்கட்டும். வாடிக்கையாளர் பெயர், பாக எண் இல்லாமல் நீங்கள் செய்ததை மட்டும் சொந்த நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பேச்சு. காலைக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் அவள் குறையை விளக்க வேண்டும்; யார் என்ன கேட்டார்கள், அதில் எதற்குப் பதில் இல்லை என்பதை அன்றே எழுத வேண்டும். நான்கு முறை பேசினாள். நான்கு முறையும் பிளான்ட் ஹெட் குறுக்கே கேட்டதும் தடுமாறிவிட்டாள். அதையும் ஒளிக்காமல் எழுதியிருந்தாள்.

மார்ச் கடைசிச் சந்திப்பில் முதல் இரண்டு வட்டமும் முக்கால் கறுத்தன. மூன்றாவதன் எதிரே மென்ட்டர் எழுதியது: 'கால் வட்டமே. இன்னும் ஆறு முறை பேசட்டும். செப்டம்பரில் பார்ப்போம்.' இந்த ஏப்ரலில் அவள் அனுப்பிய புதுத் தாளின் முதல் வரி அதுதான்.